25 பேரா, 49 பேரா, 55 பேரா?

எம்.பி.ஏ., எம்.காம். தேர்வுகளில் மனிதவள மேலாண்மைத் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு குட்டிக் கதை வரும். கேஸ் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். ஒரு கம்பெனி, சில எண்கள், முடிவில் ஒரு கேள்வி: அடுத்த ஆண்டுக்கு எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்? பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்குபோல இருக்கும். இருந்தாலும் நூறு பேர் எழுதினால் நாலைந்து விதமான விடைகள் வரும்; அத்தனையும் ஏதோ ஒரு நியாயத்தோடுதான் வரும். எங்கே பிரிகிறார்கள் என்று பார்ப்பதற்காக, அப்படி ஒரு கேஸை நாமே அமைத்துக்கொள்வோம். தொழிற்சாலை கற்பனை. ஊர் கோயம்புத்தூர் என்று வைத்துக்கொள்ளலாம், தயாரிப்பது பம்ப்செட்.

கேஸ் இது. தொழிற்சாலையில் 160 தொழிலாளர்கள், 10 சூப்பர்வைசர்கள், 3 ஷிப்ட் இன்சார்ஜ்கள். அடுத்த நிதியாண்டில் 90,000 பம்புகள் செய்ய வேண்டும். ஒரு பம்புக்கு 4 மணி நேர ஆள் உழைப்பு. ஆலை ஆண்டுக்கு 300 நாள் ஓடும், ஷிப்ட் 8 மணி நேரம். ஒருவர் சராசரியாக 24 நாள் லீவு எடுக்கிறார், சொல்லாமல் வராத நாட்கள் 16. டீ இடைவேளை, மெஷின் செட்டிங் என்று ஷிப்டில் அரை மணி போய்விடுகிறது. 15 தொழிலாளருக்கு ஒரு சூப்பர்வைசர். கடந்த சில ஆண்டுகளின் பதிவேட்டைப் பார்த்தால், தொழிலாளர்களில் ஆண்டுதோறும் 15 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள், 5 சதவீதம் பேர் சூப்பர்வைசராகிறார்கள். சூப்பர்வைசர்களில் 20 சதவீதம் பேர் போகிறார்கள், 10 சதவீதம் பேர் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகிறார்கள். ஷிப்ட் இன்சார்ஜ்களில் ஒருவர் ஜூன் 30-ல் ஓய்வு பெறுகிறார். மூன்று ஷிப்டும் தொடரும். எத்தனை பேரை எடுப்பீர்கள்?

முதல் படி, வேலை எவ்வளவு என்று அளப்பது. 90,000 பம்புக்கு நான்கு மணி வீதம் 3,60,000 மணி நேரம். அடுத்து, ஓர் ஆள் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் தருவார்? முதல் சறுக்கல் இங்கேதான். அவசரக்காரர் 300 நாளை எட்டால் பெருக்கி 2,400 என்று எழுதுவார். 3,60,000-ஐ 2,400-ஆல் வகுத்தால் 150 வரும். இப்போது இருப்பதே 160 பேர், ஆகவே பத்துப் பேர் உபரி என்று முடித்துவிடுவார். ஒழுங்காகப் பார்த்தால் 300-ல் லீவும் வராத நாட்களும் சேர்ந்து 40 நாள் போய்விடும். மிச்சம் 260 நாள். நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம்தான் கை வேலையில் இருக்கிறது. ஆக ஓர் ஆள் ஆண்டுக்குத் தருவது 1,950 மணி. இப்போது வகுத்தால் 184.6, அதாவது 185 பேர். பத்துப் பேர் உபரி என்ற இடத்தில் இருபத்தைந்து பேர் பற்றாக்குறை வந்து நிற்கிறது. 300 நாளும் எட்டு மணி நேரமும் ஆலை ஓடும் கணக்கு, ஆளின் கணக்கு அல்ல.

இதற்கு நேர் எதிரான சறுக்கல் ஒன்று உண்டு, அது கெட்டிக்காரர்களுக்கு வரும். வராத நாட்களை மணி நேரத்தில் கழித்துவிட்டு, பிறகு ஆள் இருப்பைக் கணக்கிடும்போதும் வராதவர்களுக்காக ஒரு சதவீதத்தைக் கழிப்பார்கள். ஒரே லீவை இரண்டு முறை கழித்தால் இல்லாத பற்றாக்குறை முளைக்கும். வராதிருத்தல் வேறு, விலகிப் போதல் வேறு. வராதவர் நாளைக்கு வருவார். அவர் தேவைப் பக்கத்தில் ஒரே ஒருமுறை வந்துபோக வேண்டியவர். விலகியவர் திரும்ப மாட்டார், அவர் இருப்புப் பக்கத்துக்குரியவர்.

185 தொழிலாளருக்கு எத்தனை சூப்பர்வைசர்? 15-ஆல் வகுத்தால் 12.3. தேர்வில் 13 என்று மேலே ஏற்றி எழுதுவதுதான் பாதுகாப்பு. நிஜ ஆலையில் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு குழுவுக்கு ஓரிருவரைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். நாம் இப்போதைக்குத் தேர்வு வழக்கப்படி 13 என்றே போவோம்.

இனி இருப்புப் பக்கம். இந்த 173 பேரில் ஆண்டு முடிவில் யார் எந்த இடத்தில் இருப்பார்கள்? பாடப்புத்தகங்கள் இதை மார்க்கோவ் பகுப்பாய்வு என்கின்றன. ஆந்திரேய் மார்க்கோவ் ரஷ்யக் கணித அறிஞர். ஆள் கணக்குக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. 1913-ல் புஷ்கினுடைய ‘எவ்கேனி ஒனேகின்’ செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்துக்குப் பின் மெய் வருவது எத்தனை முறை, மெய்க்குப் பின் உயிர் வருவது எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது இருக்கும் நிலை தெரிந்தால் அடுத்த நிலைக்கான வாய்ப்பைச் சொல்லலாம் என்ற அந்த யோசனையைப் பிற்காலத்தில் ஆளெடுப்புக் கணக்குக்கு இழுத்துக்கொண்டார்கள். எழுத்துக்குப் பதில் பதவி, அவ்வளவுதான்.

தொழிலாளர் 160 பேரில் 15 சதவீதம், அதாவது 24 பேர் விலகுவார்கள். 5 சதவீதம், 8 பேர் சூப்பர்வைசர் ஆவார்கள். தொழிலாளராகவே இருப்பவர்கள் 128. சூப்பர்வைசர் பத்துப் பேரில் இருவர் விலகுவார்கள், ஒருவர் மேலே போவார், ஏழு பேர் நிற்பார்கள். கீழிருந்து எட்டுப் பேர் வந்தால் மொத்தம் 15. ஷிப்ட் இன்சார்ஜ் மூவரில் ஒருவர் ஓய்வு பெற, ஒருவர் மேலே வர, மறுபடி மூன்று.

சூப்பர்வைசர் வரிசையைக் கவனியுங்கள். தேவை 13, வரப்போவது 15. பழைய விகிதத்தை அப்படியே ஓடவிட்டால் இரண்டு சூப்பர்வைசர்கள் வேலையில்லாமல் நிற்பார்கள். ஆகவே இந்த ஆண்டு எட்டுப் பேருக்கு அல்ல, ஆறு பேருக்கே பதவி உயர்வு. மீதி இருவர் தொழிலாளராகவே இருப்பார்கள்; 128 இப்போது 130 ஆகிறது. விலகல் விகிதத்தை நாம் மாற்ற முடியாது, பதவி உயர்வு விகிதத்தை மாற்றலாம், ஏனென்றால் அது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை எழுதிய விடைத்தாளைத் திருத்துபவர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

தேவை 185, இருப்பு 130. எடுக்க வேண்டியது 55 பேர்.

தலைப்பில் உள்ள மற்ற இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன? 185-லிருந்து இப்போதுள்ள 160-ஐக் கழித்தவர் 25 என்றார். ஓராண்டில் யாருமே விலக மாட்டார்கள் என்று அவர் நம்பிவிட்டார். விலகும் 24 பேரைச் சேர்த்துக்கொண்டவர் 49 என்றார். அவர் மறந்தது மேலே போகும் ஆறு பேரை. பதவி உயர்வு என்பது நல்ல செய்தி, அதனால் அதை யாரும் இழப்பாக எண்ணுவதில்லை. மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தவர் மேற்பார்வைக்குப் போய்விட்டால் அந்த மெஷினுக்கு ஆள் இல்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இறங்கிவிட, பின்சீட்டுக்காரர் முன்னே நகர்ந்து உட்கார்ந்தால், காலி சீட் மறைந்துவிடுவதில்லை, பின்னால் நகர்ந்திருக்கிறது. உள்ளிருந்தே ஆளை உயர்த்துவதால் வெளியிலிருந்து எடுக்க வேண்டிய ஆள் ஒன்றுகூடக் குறையாது. எந்தப் படியில் எடுக்கிறோம் என்பது மட்டும்தான் மாறும்.

இதிலிருந்தே விடையைச் சரிபார்க்கும் வழியும் கிடைக்கிறது. படிகளையெல்லாம் மறந்துவிட்டு மொத்தத் தலைகளை எண்ணுங்கள். தேவை 185, 13, 3, கூட்டினால் 201. இருப்பது 173. வளர்ச்சிக்கு 28 பேர் வேண்டும். ஆலையை விட்டே வெளியேறுவோர் 24 தொழிலாளர், 2 சூப்பர்வைசர், 1 ஷிப்ட் இன்சார்ஜ், ஆக 27. இரண்டையும் கூட்டினால் 55. உள்ளுக்குள் யார் எங்கே ஏறினாலும் இந்த எண் அசையாது. பதவி வாரியாகப் போட்ட கணக்கும் இதுவும் ஒத்துவரவில்லையென்றால் எங்கோ ஒரு பதவி உயர்வை ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அரை நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை.

இந்தக் காலியிடச் சங்கிலி மேல்மட்டத்திலும் இதே மாதிரிதான் ஓடும். 2016 அக்டோபர் 24 அன்று டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து சைரஸ் மிஸ்திரி நீக்கப்பட்டார். ரத்தன் டாடா இடைக்காலத் தலைவராகத் திரும்பினார். 2017 ஜனவரியில் அந்த இடத்துக்கு அறிவிக்கப்பட்டவர் நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்து, அப்போது டி.சி.எஸ். நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த என். சந்திரசேகரன். அவர் எழுந்த நாற்காலியில் டி.சி.எஸ். நிதித் தலைவர் ராஜேஷ் கோபிநாதன் அமர்த்தப்பட்டார். அவர் விட்டுவந்த நிதித் தலைவர் இடத்துக்கு வி. ராமகிருஷ்ணன் வந்தார். மும்பையில் ஒரு கூட்டத்தில் காலியான ஓர் இடம் அடுத்தடுத்து மூன்று படி இறங்கியது. ஒவ்வொரு படியிலும் கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இருந்ததால் வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை.

திரும்பவும் பம்ப்செட்டுக்கு வருவோம். 55 பேர் என்றால் 55 பேருக்கு வேலை உத்தரவு கொடுத்தால் போதுமா? புதிதாக வருபவர்களில் நாலில் ஒருவர் மூன்று மாதத்துக்குள் நின்றுவிடுகிறார் என்று கேஸில் ஒரு வரி இருந்தால் போதாது. ஷிப்ட் ஒத்துவராது, அறை வாடகை கட்டாது, பக்கத்து ஆலையில் கொஞ்சம் கூடக் கிடைக்கும். தங்குபவர் 55 ஆக இருக்க வேண்டுமானால் 55-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும். 73.3 வரும், எனவே 74 பேர். பலர் 55-ல் கால்பங்கைக் கூட்டி 69 என்று நிறுத்திவிடுவார்கள். அந்த 69-ல் கால்பங்கு போனால் மிஞ்சுவது 52-க்கும் குறைவு. சதவீதம் எதன் மேல் என்பதைப் பார்க்காததால் வரும் தவறு அது. போகிறவர்கள் எடுத்த ஆட்களில் கால்பங்கு, தேவையில் கால்பங்கு அல்ல.

அப்ரண்டிஸ் பையன்களை இந்த 74-ல் சேர்த்துக் கணக்குக் காட்டும் பழக்கமும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி அவர்கள் பயிற்சி பெறுபவர்கள், தொழிலாளர்கள் அல்லர். பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த பிறகுதான் அவர்கள் இந்தக் கணக்குக்குள் வருவார்கள். அதுவரை அவர்கள் ஆள் எடுக்கக்கூடிய இடம், எடுத்த ஆள் அல்ல.

இதுவரை எல்லாமே நேற்று நடந்த மாதிரியே நாளையும் நடக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. கேஸ் எழுதுபவர்கள் அதை உடைப்பதற்கென்றே கடைசியில் ஒரு வரி வைப்பார்கள். நம் கேஸிலும் வைப்போம்: “அக்டோபரில் புதிய சி.என்.சி. மெஷின்கள் வருகின்றன. அதன்பின் ஒரு பம்புக்கு 3.6 மணி நேரம் போதும்.”

வெறும் 24 நிமிடக் குறைவு. ஆனால் அந்த வேகத்தில் ஆண்டு முழுவதும் ஓடினால் 3,24,000 மணி நேரமே ஆகும், 167 தொழிலாளர்கள் போதும். முதல் ஆறு மாதத்துக்கு 185 பேர் வேண்டும், அடுத்த ஆறு மாதத்துக்கு 167 பேர் போதும் என்பதுதான் நிலைமை. இந்த வரியைப் படிக்காமல் 55 பேரை நிரந்தரமாக எடுத்துவிட்டவர், தீபாவளி போனஸ் கொடுத்த கையோடு உபரி ஆட்களை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவே 176 என்று சராசரி போட்டுத் தப்பிக்கலாமே என்றால், முதல் பாதியில் ஒன்பது பேர் குறைவு, இரண்டாம் பாதியில் ஒன்பது பேர் அதிகம். சராசரி எந்த மாதத்துக்கும் பொருந்தாத எண்.

சரியான வழி, ஆண்டு முடிவில் நிலைத்து நிற்கப்போகும் அளவுக்கு நிரந்தர ஆள் எடுப்பது. 167 தொழிலாளர், அவர்களுக்கு 12 சூப்பர்வைசர், 3 ஷிப்ட் இன்சார்ஜ், மொத்தம் 182. இருப்பது 173, வளர்ச்சி 9, வெளியேறுவோர் 27. எடுக்க வேண்டிய நிரந்தர ஆள் 36 மட்டுமே. கால்வாசிப் பேர் நின்றுபோவதைச் சேர்த்தால் 48 பேருக்கு உத்தரவு. முதல் பாதிக்கு மட்டும் கூடுதலாக வேண்டிய 18 பேரைக் குறித்த கால ஒப்பந்தத்தில் எடுக்கலாம், அல்லது அதில் ஒரு பகுதியை ஓவர்டைமில் ஈடுகட்டலாம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம், ஆகவே அதைச் சில வாரங்களுக்கு மேல் நீட்டினால் கட்டுப்படியாகாது. களைத்த கை செய்த பம்ப் திரும்பி வரும் செலவும் இருக்கிறது.

மாறாத எண் என்று நாம் நினைப்பதும் மாறும். ஆள் கணக்கில் மிக உறுதியானது ஓய்வு என்பார்கள். பிறந்த தேதி பதிவேட்டில் இருக்கிறது, 58-ஐக் கூட்டினால் காலியாகும் நாள் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 2020 மே மாதம் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 என்ற அறிவிப்பு வந்தது. இரண்டே உத்தரவுகளில், ஓய்வுக் காலியிடங்கள் என்று எழுதி வைத்திருந்த பட்டியல் மொத்தமும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. அந்த இடங்களை எதிர்பார்த்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமாக இல்லை.

இப்போது அந்த ஜூன் 30-ஐப் பார்ப்போம். கேள்வித்தாளில் பெரும்பாலும் இரண்டாம் பகுதியாக வருவது இதுதான்: ஓய்வு பெறும் ஷிப்ட் இன்சார்ஜின் இடத்துக்கு யார்?

160 பேரில் 15 சதவீதம் போவார்கள் என்றால் அதில் பொருள் இருக்கிறது. யார் போவார்கள் என்று தெரியாது, ஆனால் ஏறத்தாழ 24 பேர் போவார்கள், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம். மூன்று பேரில் 33 சதவீதம் ஓய்வு பெறுகிறார்கள் என்றால் அதில் பொருளே இல்லை. அடுத்த ஆண்டு அது பூஜ்யம் ஆகலாம், 67 ஆகலாம். தலைகள் நிறைய இருக்கும் இடத்தில் விகிதம் பேசும். விரல்விட்டு எண்ணும் இடத்தில் ஆளாளாகப் பார்க்க வேண்டும். ஆட்தேவைக் கணிப்பு முடிந்து வாரிசுத் திட்டமிடல் தொடங்குவது இந்த எல்லையில்தான். பாடத்திட்டத்தில் இரண்டும் தனித்தனி அலகாக இருப்பதால் மாணவர்கள் இரண்டையும் வேறு வேறு விஷயமாகப் படித்துவிடுகிறார்கள்.

கேஸில் மூன்று சூப்பர்வைசர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பெயருக்குப் பதில் எழுத்துதான். ‘அ’ என்பவருக்கு வயது 56. 22 ஆண்டு அனுபவம், வேலையில் குறையில்லை, நாளைக்கே பொறுப்பேற்கலாம். ‘ஆ’ 38 வயதுப் பெண், டிப்ளமோ படித்தவர், மதிப்பீடு மிக நன்று. முழு ஷிப்டைத் தனியாக நடத்திப் பழக்கமில்லை, ஓராண்டுப் பயிற்சி வேண்டும். ‘இ’க்கு 34 வயது. அவருடைய குழுவில்தான் உற்பத்தி அதிகம். கடந்த ஆண்டு அந்தக் குழுவிலிருந்துதான் நான்கு பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

‘இ’யைத் தேர்ந்தெடுப்பவர்கள் கண்ணில் உற்பத்தி எண் மட்டும் படுகிறது. ஒரு குழுவில் 15 பேர்; ஆலையின் சராசரி விலகல்படி அதில் இரண்டு பேர் போக வேண்டும். போனவர்கள் நான்கு பேர், இரண்டு மடங்கு. அது தற்செயலாகவும் இருக்கலாம், பதினைந்து பேர் சிறிய கூட்டம். போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. இப்போதைய வேலையில் நன்றாகச் செய்வதும் அடுத்த வேலைக்குத் தகுதியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்காகத்தான் கேஸ் எழுதியவர் அந்த வரியை அங்கே வைத்திருக்கிறார்.

‘அ’வைத் தேர்ந்தெடுப்பது சீனியாரிட்டி நியாயம், ஆலையிலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஆனால் 58-ல் ஓய்வு என்றால் இரண்டு ஆண்டில் இதே கேள்வி இதே நாற்காலிக்குத் திரும்ப வரும். ‘ஆ’வை ஜூலை முதல் தேதியே உட்கார வைத்தால், இரவு ஷிப்டில் மின்சாரம் போய் வார்ப்புப் பிரிவு நிற்கும்போது என்ன செய்வதென்று அவர் ஆலையின் செலவில் கற்றுக்கொள்வார்.

நல்ல விடை ஒருவரைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்காது, காலத்தையும் எழுதும். திட்டம் போடுவது ஜனவரியில் என்று வைத்துக்கொண்டால், அப்போதிருந்தே ‘ஆ’ ஷிப்ட் இன்சார்ஜ்கள் லீவில் போகும் நாட்களில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், மூன்று ஷிப்டிலும் மாறி மாறி. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ‘அ’ பொறுப்பு ஷிப்ட் இன்சார்ஜ். அந்த ஆறு மாதமும் ‘ஆ’ அவர் பக்கத்தில் இருப்பார். அடுத்த ஜனவரியில் பதவி ‘ஆ’வுக்கு. பொறுப்புக் காலத்துக்கு உரிய படியை ‘அ’வுக்குக் கொடுக்க வேண்டும்; இது தற்காலிகம் என்பதை உத்தரவிலேயே எழுத வேண்டும். வாய்மொழியாக விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்துத் திரும்ப சூப்பர்வைசர் மேஜைக்கு வருபவர் அதை அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

‘ஆ’வுக்கு ஏதாவது நேர்ந்தால்? இதைக் கேட்பவர்கள் குறைவு. 2004 ஏப்ரல் 19 அன்று மெக்டொனால்ட்ஸ் தலைமை நிர்வாகி ஜிம் கேன்டலூப்போ, நிறுவனத்தின் மாநாட்டுக்காக ஆர்லாண்டோவுக்குப் போயிருந்த இடத்தில் மாரடைப்பால் இறந்தார். சில மணி நேரத்துக்குள் இயக்குநர் குழு கூடி 43 வயது சார்லி பெல்லை அந்தப் பதவிக்கு அறிவித்தது. சிட்னியில் 15 வயதில் மெக்டொனால்ட்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர் அவர். வாரிசுத் திட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா என்று உலகமே பேசியது. மறு மாதமே பெல்லுக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. நவம்பரில் அவர் விலக, ஜிம் ஸ்கின்னர் வந்தார். 2005 ஜனவரியில் பெல் இறந்துபோனார். ஓராண்டுக்குள் மூன்று தலைவர்கள். நிறுவனம் தடுமாறவில்லை, ஏனென்றால் வாரிசுக்கு அடுத்த வாரிசும் உள்ளேயே இருந்தார். ஸ்கின்னர் 2012 வரை நடத்தினார்.

நம் ஆலையில் அந்த இரண்டாவது ஆள் ‘இ’யாக இருக்கலாம், அந்த நான்கு பேர் ஏன் போனார்கள் என்பது தெரிந்த பிறகு. அவரை வைத்துக்கொள்வதும் சுலபமில்லை. 2000 நவம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச்சுக்குப் பின் ஜெஃப் இம்மெல்ட் என்று அறிவித்தவுடன், போட்டியில் இருந்த மற்ற இருவரும் சில நாட்களிலேயே கிளம்பிவிட்டார்கள். ஜேம்ஸ் மெக்னெர்னி 3எம் தலைவரானார், ராபர்ட் நார்டெல்லி ஹோம் டிப்போ தலைவரானார். தேர்ந்தெடுக்கப்படாதவருக்கு என்ன சொல்லப் போகிறோம் என்பது எழுதப்படாத வாரிசுத் திட்டம், ஒருவரை ஏற்றிவிட்டு இருவரை இழக்கும் திட்டமாக முடியலாம். அந்த இழப்பையும் ஆட்தேவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ‘இ’ போய்விட்டால் வெளியேறுவோர் 27 அல்ல, 28.

மேல்மட்டத்துக்குச் சட்டம் கொஞ்சம் காவல் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 203-ஆவது பிரிவின்படி, முழுநேர முக்கிய நிர்வாகப் பதவி காலியானால் ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழு, உயர் பதவிகளுக்கு முறையான வாரிசுத் திட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது செபியின் விதி. 2023-ல் வந்த திருத்தம், தலைமை நிர்வாகி இடத்தைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் நிரப்பச் சொல்கிறது. ஷிப்ட் இன்சார்ஜுக்கு அப்படி எந்தச் சட்டமும் கெடு வைக்கவில்லை. ஜூன் 30 இரவு பத்து மணிக்கு ஷிப்ட் தொடங்கும்போது யார் வந்து நிற்பார் என்பதை அந்த ஆலையின் எச்.ஆர். மேலாளர்தான் ஜனவரியிலேயே எழுதி வைக்க வேண்டும். தேர்வு எழுதுபவர்களும் அப்படியே செய்யலாம்: கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் கேஸில் உள்ள தேதிகளையெல்லாம் அடிக்கோடிட்டுவிடுங்கள். இந்தக் கேஸில் அவை இரண்டு, ஜூன் 30-ம் அக்டோபரும். விடை 55 அல்ல, 36 என்று ஆனது அவற்றில் ஒன்றால்தான்.